ஸ்கேனில் தெரிந்தது காதலா? நியூரோமார்க்கெட்டிங்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மூளை ஸ்கேன், கண் அசைவு போன்றவற்றை அளந்து வாங்குபவரின் மனதை அறியப் பார்ப்பதுதான் நியூரோமார்க்கெட்டிங். 2011 செப்டம்பரில் நியூயார்க் டைம்ஸில் ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர் மார்க்கெட்டிங் ஆலோசகர் மார்ட்டின் லிண்ட்ஸ்ட்ராம். 16 பேரை, மூளை இயங்குவதைப் படம் பிடிக்கும் எஃப்எம்ஆர்ஐ ஸ்கேனரில் படுக்கவைத்து, ஐபோன் ஒலிப்பதையும் அதிர்வதையும் காட்டியிருக்கிறார். அவர்கள் மூளையில் இன்சுலா என்ற பகுதி நன்றாக இயங்கியிருக்கிறது. அன்பு வரும்போது இயங்கும் இடம் அது, ஆகவே இவர்கள் ஐபோனைக் காதலிக்கிறார்கள் என்று முடித்துவிட்டார்.

உடனே ரஸ்ஸல் போல்ட்ராக் உட்பட 45 நரம்பியல் ஆய்வாளர்கள் அதே பத்திரிகைக்கு மறுப்புக் கடிதம் எழுதினார்கள். மூன்றில் ஒரு பங்கு வரையிலான மூளை ஸ்கேன் ஆய்வுகளில் இன்சுலா இயங்கத்தான் செய்கிறது என்பது அவர்கள் வாதம். வலியிலும் அருவருப்பிலும்கூட அது இயங்கும். தெருவில் ஷாமியானா போட்டிருந்தால் கல்யாணம் என்று சொல்லிவிட முடியுமா? சாவு வீட்டிலும் அதே ஷாமியானாதான். விளைவைப் பார்த்துக் காரணத்தைத் தலைகீழாக ஊகிக்கும் இந்தத் தவறுதான் இத்துறையில் எனக்குத் தெரிந்து அதிகம் நடப்பது.

அதனால் 'மூளையில் இந்த இடம் ஒளிர்ந்தது' என்று யாராவது அறிக்கை நீட்டினால், எதோடு ஒப்பிட்டு ஒளிர்ந்தது என்று கேளுங்கள். வேறு போன் ஒலித்தபோதும், தெருவில் ஹாரன் அடித்தபோதும் அதே இடம் அதே அளவு இயங்கினால் ஐபோனுக்கு அதில் தனிப் பெருமை ஏதுமில்லை. அப்புறம், இந்த ஸ்கேன் எண்ணத்தை நேரடியாக அளப்பதில்லை, ரத்தத்தில் ஆக்சிஜன் மாறுவதை அளக்கிறது. அந்த மாற்றம் உச்சத்துக்கு வர ஐந்தாறு வினாடி ஆகும். சட்சட்டென்று ஷாட் மாறும் விளம்பரத்தில் எந்த ஷாட் மனதைத் தொட்டது என்று இதை வைத்து அடித்துச் சொல்வது கஷ்டம்.

கண் அசைவைப் பதியும் கருவியிலும் இதே வழுக்கல் உண்டு. கண்ணில் பட்டுத் திரும்பும் அகச்சிவப்பு ஒளியை வைத்து, பார்வை எங்கே நின்றது என்று அது காட்டும். அதிகம் பார்த்த இடம் படத்தில் சிவப்பாக வரும். பிஸ்கட் பாக்கெட்டின் படத்தில் விலை இருக்கும் இடம் சிவப்பாகத் தெரிகிறது என்று வையுங்கள். விலை பிடித்துப்போய்ப் பார்த்திருக்கலாம், எழுத்து பொடியாக இருந்து தடுமாறியும் பார்த்திருக்கலாம். இரண்டுக்கும் சிவப்பு ஒன்றுதான், பார்த்தவரிடமே கேட்டால்தான் தெரியும். கண்மணி விரிந்ததை ஆர்வம் என்று எழுதுவதும் ஆபத்து. திரை இருண்டாலே கண்மணி விரியும்.

சரி, மூளையையே படிக்க முடியாதபோது நெறிமுறைக் கவலை எதற்கு? விளம்பரச் சோதனைக்கு வந்தவரின் ஸ்கேனில் கட்டி மாதிரி ஏதோ தெரிகிறது, பக்கத்தில் டாக்டர் இல்லை என்றால் அவரிடம் யார் சொல்வது? இதை ஒப்புதல் படிவத்திலேயே எழுதாமல் ஆளைப் படுக்கவைப்பது தவறு. பிரான்ஸில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. மருத்துவம், அறிவியல் ஆய்வு, நீதிமன்ற விசாரணை தவிர வேறு எதற்கும் மூளைப் படம் எடுக்கக் கூடாது என்று 2011-லேயே அங்கே சட்டம் வந்துவிட்டது.