உயரம் குறையாமல் கட்டத்தை மட்டும் நகர்த்தும் ஆல்-பாஸ் சுற்று: 1 கிலோஹெர்ட்ஸில் செய்து பார்ப்போம்

ஒரு சைன் அலையைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ள வேண்டுமென்றால் ஒரு ரெசிஸ்டரும் ஒரு கெப்பாசிட்டரும் போதும். ஆனால் 45 டிகிரி தள்ளும்போதே அலையின் உயரம் 0.707 மடங்காகச் சுருங்கிவிடும். 90 டிகிரியை நெருங்க நெருங்க அலையே மிஞ்சாது. அதே ரெசிஸ்டரையும் கெப்பாசிட்டரையும் ஒரு ஆப்-ஆம்ப்போடு சேர்த்துக் கட்டினால், உயரம் அப்படியே இருக்க, கட்டம் மட்டும் 0 முதல் கிட்டத்தட்ட 180 டிகிரி வரை நகரும். இதுதான் முதல் வரிசை ஆல்-பாஸ் சுற்று.

சுற்று

உள்ளீடு இரண்டு வழிகளில் பிரிகிறது. ஒரு வழி R1 மூலம் ஆப்-ஆம்ப்பின் மைனஸ் முனைக்குப் போகிறது. அந்த முனைக்கும் வெளியீட்டுக்கும் இடையே R2 இருக்கிறது. R1, R2 இரண்டும் ஒரே மதிப்பு. இன்னொரு வழி R மூலம் பிளஸ் முனைக்குப் போகிறது. பிளஸ் முனையிலிருந்து கிரவுண்டுக்கு C.

கணக்குக்கு முன் இரண்டு ஓரங்களையும் மனதில் ஓட்டிப் பாருங்கள். அதிர்வெண் மிகக் குறைவாக இருந்தால் C இல்லாதது போலத்தான். உள்ளீடு அப்படியே பிளஸ் முனைக்கு வருகிறது, சுற்று ஒரு ஃபாலோயர் ஆகிவிடுகிறது: கட்டம் 0. அதிர்வெண் மிக அதிகமானால் C பிளஸ் முனையைக் கிரவுண்டோடு இணைத்ததற்குச் சமம். இப்போது சுற்று ஒரு இன்வெர்ட்டர்: கட்டம் 180. இரண்டு ஓரத்திலும் பெருக்கம் 1. இந்தப் படம் மனதில் பதிந்தால், பின்னால் கோளாறு தேடுவதும் எளிது.

கட்டத்துக்கான சூத்திரம்

R, C இரண்டும் சேர்ந்து உள்ளீட்டைப் பிரித்து பிளஸ் முனைக்குத் தருகின்றன:

```
V+ = Vin / (1 + jωRC)
```

ஆப்-ஆம்ப் மைனஸ் முனையையும் அதே அழுத்தத்தில் வைத்திருக்கும். R1 = R2 என்பதால் மைனஸ் முனை, உள்ளீட்டுக்கும் வெளியீட்டுக்கும் சரியாக நடுவில் நிற்கும். அதாவது V+ = (Vin + Vout)/2. இதைத் திருப்பி எழுதினால்:

```
Vout = 2·V+ − Vin
Vout/Vin = 2/(1 + jωRC) − 1
         = (1 − jωRC) / (1 + jωRC)
```

மேலேயும் கீழேயும் ஒரே நீளமுள்ள எண்கள். j-யின் குறி மட்டும் எதிர். அதனால் எந்த அதிர்வெண்ணிலும் விகிதத்தின் அளவு 1. கட்டமோ மேலிருந்து ஒரு −arctan(ωRC), கீழிருந்து இன்னொரு −arctan(ωRC):

```
φ = −2·arctan(ωRC)
f0 = 1 / (2πRC)     (இங்கே φ = −90°)
```

f0-வை 1 கிலோஹெர்ட்ஸில் வைத்தால், 100 ஹெர்ட்ஸில் 11.4 டிகிரி, 500-இல் 53, 2 கிலோஹெர்ட்ஸில் 127, 10 கிலோஹெர்ட்ஸில் 168.6 டிகிரி பின்தங்கும். வேகமான மாற்றமெல்லாம் f0-வைச் சுற்றித்தான். ஓரங்களில் நகர்வு மெதுவாகிவிடும்.

கட்டும் முறை

C-க்கு 10 நானோஃபாரட் எடுத்துக்கொள்வோம். மேலே 103 என்று அச்சிட்டிருக்கும். 1 கிலோஹெர்ட்ஸில் 90 டிகிரி வேண்டுமானால் R = 15.9 கிலோ ஓம். இப்படியொரு ரெசிஸ்டரைத் தேடி அலைய வேண்டாம். 12 கிலோ ஓம் ரெசிஸ்டரோடு 10 கிலோ ஓம் பாட் ஒன்றைத் தொடராகப் போடுங்கள். பாட்டைத் திருப்பினால் 74 முதல் 108 டிகிரி வரை கிடைக்கும். அகலமான வீச்சு தேவையென்றால் 1 கிலோ ஓமும் 100 கிலோ ஓம் பாட்டும்: 7 முதல் 162 டிகிரி வரை. ஆனால் அதில் 90 டிகிரி, பாட்டின் முதல் ஆறில் ஒரு பங்குக்குள்ளேயே வந்துவிடும். நுணுக்கமாக நிறுத்துவது கடினம்.

1. TL072 ஐசியை பிரெட்போர்டில் வையுங்கள். 8-ஆம் காலுக்கு +9 வோல்ட், 4-ஆம் காலுக்கு −9 வோல்ட். இரண்டு 9 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்து, நடுப்புள்ளியை கிரவுண்டாக எடுங்கள்.
2. 4, 8 இரண்டு கால்களுக்கும் பக்கத்திலேயே கிரவுண்டுக்கு ஒவ்வொரு 100 நானோஃபாரட்.
3. R1, R2 இரண்டும் 10 கிலோ ஓம், 1 சதவீதத் துல்லியம். R1 உள்ளீட்டிலிருந்து 2-ஆம் காலுக்கு. R2 1-க்கும் 2-க்கும் இடையே.
4. 12 கிலோ ஓமும் பாட்டும் உள்ளீட்டிலிருந்து 3-ஆம் காலுக்கு. C 3-இலிருந்து கிரவுண்டுக்கு.
5. பயன்படாத இரண்டாம் பாதியைத் தொங்கவிடாதீர்கள். 5-ஐ கிரவுண்டோடும், 6-ஐ 7-ஓடும் இணையுங்கள்.

காசைச் செலவழிக்க வேண்டிய இடம் R1, R2. C 10 சதவீதம் தவறினால் கட்டம் 5, 6 டிகிரி மாறும். பாட்டைத் திருப்பிச் சரிசெய்துவிடலாம். R1-உம் R2-உம் பொருந்தாவிட்டால் எந்தப் பாட்டாலும் சரியாகாது. C மட்டும் பிலிம் வகையாக இருக்கட்டும்; மலிவான செராமிக் சூட்டுக்கு மதிப்பு மாறும், சரிசெய்த கட்டம் மெல்ல நழுவும்.

அளந்து பார்த்தல்

1 கிலோஹெர்ட்ஸ், உச்சத்திலிருந்து உச்சம் 2 வோல்ட் சைன் அலை கொடுங்கள். ஸ்கோப்பின் முதல் சேனலை சுற்றின் உள்ளீட்டு முனையிலேயே வையுங்கள். இரண்டாவது 1-ஆம் காலில். அலைகளுக்கிடையே 250 மைக்ரோவினாடி இடைவெளி என்றால் அதுதான் 90 டிகிரி.

எனக்குப் பிடித்த சோதனை எக்ஸ்-ஒய் முறை. இரண்டு சேனலுக்கும் ஒரே வோல்ட் அளவை வைத்துவிட்டு பாட்டைத் திருப்புங்கள். சாய்ந்த நீள்வட்டம் மெல்ல நிமிர்ந்து வட்டமாகும். சாய்வு இருந்தால் கட்டம் இன்னும் 90 ஆகவில்லை. சாய்வு போய்விட்டது, ஆனால் வட்டம் உயரவாக்கில் நீண்டிருக்கிறது என்றால் R2 பெரிதாக இருக்கிறது. R2 10 சதவீதம் கூடினால் இங்கே 5 சதவீத உயரம் கூடும், மிக உயர்ந்த அதிர்வெண்ணில் முழு 10 சதவீதம். குறைந்த அதிர்வெண்ணில் மட்டும் 1 ஆகவே நிற்கும். எனவே அதிர்வெண்ணை ஏற்றும்போது உயரம் மாறினால், முதலில் இந்த இரண்டு ரெசிஸ்டரையும் மீட்டரில் அளந்து பாருங்கள்.

எந்த அதிர்வெண்ணிலும் கட்டம் 0 என்றால் C-யின் கிரவுண்டு கால் இணையவில்லை. எப்போதும் 180 என்றால் R-இன் வழி அறுந்திருக்கிறது, அல்லது 3-ஆம் கால் கிரவுண்டைத் தொடுகிறது. வெளியீடு சப்ளை அழுத்தத்தில் போய் ஒட்டிக்கொண்டால் 2-ஐயும் 3-ஐயும் மாற்றிப் போட்டிருக்கிறீர்கள். 741 ஐசி போட்டால் 10 கிலோஹெர்ட்ஸில் ஆப்-ஆம்ப்பே தன் பங்குக்கு ஏறக்குறைய 1 டிகிரி கூடுதலாகத் தள்ளும், 50 கிலோஹெர்ட்ஸில் 5 அல்லது 6 டிகிரி.

ஃபேஸ் ஷிஃப்டராக

ஒரே அதிர்வெண் சிக்னலுக்கு இந்தச் சுற்று அப்படியே போதும். R-ஐயும் C-யையும் இடம் மாற்றினால் கட்டம் 180 − 2·arctan(ωRC). f0-வில் 90 டிகிரி முந்தும். ஒரு நிலையால் 180-ஐத் தாண்ட முடியாது என்பதால், அதற்கு மேல் வேண்டுமானால் TL072-இன் மறுபாதியில் இன்னொன்றைக் கட்டித் தொடராக இணையுங்கள், கட்டங்கள் கூடிக்கொள்ளும். ஆனால் பேச்சு போன்ற அகலமான சிக்னல் முழுவதையும் 90 டிகிரி நகர்த்த ஒரு நிலையை நம்பாதீர்கள். 90 என்பது f0 ஒன்றில் மட்டும்தான்.

கிதார் ஃபேஸர் இதே குணத்தைத்தான் பயன்படுத்துகிறது. ஒரே மாதிரியான நான்கு நிலைகள் வழியே வந்த ஒலியை, நேராக வந்த ஒலியோடு சம அளவில் கலக்கிறார்கள். மொத்தக் கட்டம் 180 ஆகும் இடத்தில், அதாவது நிலைக்கு 45 டிகிரி வரும் 0.414·f0-வில், இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். நிலைக்கு 135 வரும் 2.414·f0-வில் இன்னொரு பள்ளம். நான்கு R-களையும் ஜேஃபெட் கொண்டு ஒன்றாக ஏற்றி இறக்கினால், f0 நகர்ந்து இரண்டு பள்ளங்களும் கூடவே நகர்கின்றன. காதில் சுழல்வது போலக் கேட்பது அந்த நகர்வுதான்.