வட்டி ஏறினால் விலை ஏறுமா? கணக்குப் போடும்போது நேரும் தவறுகள்

வங்கிகளுக்குத் தான் தரும் குறுகிய காலக் கடனுக்கான வட்டியான ரெப்போ விகிதத்தை ரிசர்வ் வங்கி 2022 மே முதல் 2023 பிப்ரவரி வரை 4 சதவீதத்திலிருந்து 6.50 சதவீதத்துக்கு உயர்த்தியது. விலைவாசியை அடக்குவதே நோக்கம். ஆனால் வங்கிக் கடனில் பஞ்சு வாங்கி இருப்பு வைக்கும் நூற்பாலைக்கு வட்டியும் ஒரு செலவு. அதை நூல் விலையில் சேர்க்கத்தான் ஆலை பார்க்கும். தேவை குறைந்து விலை இறங்குவதற்கு முன், குறுகிய காலத்துக்கு விலையை மேலே தள்ளும் இந்தப் பாதையைச் 'செலவு வழி' என்கிறோம். இப்படி ஒரு பாதை இருப்பது உண்மை. அதன் அளவைச் சொல்லும்போதுதான் பலரும் தவறுகிறார்கள்.

முதல் தவறு, வட்டி 2.5 சதவீதப் புள்ளி ஏறினால் விலையும் 2.5 சதவீதம் ஏறும் என்று நினைப்பது. வட்டி ஓர் ஆண்டுக்கானது. பணமோ சில மாதங்கள்தான் சரக்கில் முடங்கிக் கிடக்கிறது. ஒரு சிறு ஆலையை எடுத்துக்கொள்வோம். பஞ்சு கண்டி (356 கிலோ) 60,000 ரூபாய் என்றால் கிலோ சுமார் 169 ரூபாய். கழிவு போக ஒரு கிலோ நூலுக்கு 1.18 கிலோ பஞ்சு தேவை என்றால், நூலில் அடங்கிய பஞ்சின் மதிப்பு ஏறக்குறைய 200 ரூபாய். பஞ்சு இருப்பு 90 நாள், ஆலைக்குள் 10 நாள், நூல் இருப்பு 15 நாள், வாங்கியவரிடமிருந்து பணம் வர 45 நாள், ஆக 160. பஞ்சு வியாபாரி தரும் 10 நாள் தவணையைக் கழித்தால் 150 நாள்.

```
200 × 0.025 × 150 ÷ 365 = 2.05
```

கிலோவுக்கு 2 ரூபாய் 5 காசு. நூல் 285 ரூபாய்க்கு விற்றால் இது 0.7 சதவீதம்தான். வங்கி கடன் தராமல் விடும் 25 சதவீத மார்ஜினை ஆலை தன் கைப்பணத்தில் போட்டிருந்தால், வங்கிக்குக் கூடுதலாகக் கட்டுவது ஒன்றரை ரூபாய் அளவே. இந்தக் கணக்கில் முக்கியமானது நாள்களின் எண்ணிக்கை. வசூல் 45 நாளிலிருந்து 90 நாளாக இழுத்தால், வட்டி விகிதம் மாறாமலே சுமை கூடிவிடும். அதனால் நாள்களை ஊகமாகப் போடாமல், வங்கிக்குக் கொடுக்கும் ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டிலிருந்தும் வரவேண்டிய பாக்கிப் பட்டியலிலிருந்தும் எடுக்க வேண்டும்.

அடுத்தது, ஆண்டறிக்கையில் தெரியும் மொத்த வட்டிச் செலவை அப்படியே எடுத்துக்கொள்வது. அதில் இயந்திரம் வாங்கிய தவணைக் கடனின் வட்டியும் சேர்ந்திருக்கும். இன்னும் ஒரு கிலோ நூல் கூடுதலாக நூற்றாலும் அந்த வட்டி கூடாது. செலவு வழிக்குக் கணக்கில் வருவது, சரக்கின் பேரில் வேண்டும்போது எடுத்துத் திருப்பிக் கட்டும் சிசி கணக்கு போன்ற நடைமுறை மூலதனக் கடனின் வட்டி மட்டுமே. இன்னொரு பக்கம், கணக்கியல் விதிப்படி வழக்கமாக வட்டி சரக்கு மதிப்பில் சேராது; நிதிச் செலவு என்று தனி வரியில் வரும். மொத்த லாப விகிதத்தை மட்டும் பார்ப்பவர் கண்ணுக்கு இந்தச் சுமை தெரியாமலே போய்விடும்.

ரெப்போ ஏறிய அன்றே எல்லாருக்கும் வட்டி ஏறிவிடுவதும் இல்லை. 2019 அக்டோபருக்குப் பின் குறு, சிறு நிறுவனங்களுக்கு வங்கிகள் தந்த மாறும் வட்டிக் கடன்கள் ரெப்போ போன்ற வெளி அளவுகோலுடன் இணைந்தவை. வட்டியை மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது மாற்றியமைக்க வேண்டும். அப்படி மாறிய நாளிலிருந்து, பழைய விலையில் வாங்கிய பஞ்சு உட்பட, சிசி கணக்கின் முழு நிலுவைக்கும் புது வட்டிதான். வங்கி தன் நிதிச் செலவை வைத்து நிர்ணயிக்கும் எம்.சி.எல்.ஆர். விகிதத்தில் கடன் வைத்திருக்கும் பெரிய ஆலைக்கு இது மெதுவாகவும் குறைவாகவும் வந்து சேரும்.

வட்டி உயர்ந்த இடத்திலேயே நின்றால், இந்த 0.7 சதவீதம் ஒருமுறை ஏறும் படி மட்டுமே. ஆண்டுதோறும் பணவீக்கத்தில் அதைக் கூட்டிக்கொண்டே போவது பெரிய பிழை. வட்டியைக் குறைத்தால் விலைவாசி தானாக அடங்கும் என்று சிலர் வாதிடுவதும் இந்தப் பிழையிலிருந்துதான். செலவு வழி இருக்கிறது என்பதால், வட்டி ஏறித் தேவை குறைந்து விலை இறங்கும் தேவை வழி இல்லாமல் போய்விடாது.

எல்லாவற்றிலும் ஆபத்தான தவறு, வட்டியும் விலையும் அடுத்தடுத்து ஏறியதைப் பார்த்து ஒன்றுதான் மற்றதற்குக் காரணம் என்று முடிவு கட்டுவது. விலை ஏறப்போகிறது என்று தெரிந்துதான் மத்திய வங்கி வட்டியை ஏற்றுகிறது. அதனால் வட்டிக்குப் பின்னால் விலை ஏறுவது தரவில் தானாகவே தெரியும். பொருளியலில் இதற்கு 'விலைப் புதிர்' என்று பெயர். அமெரிக்கப் பொருளியலாளர் கிறிஸ்டோபர் சிம்ஸ் 1992-இல் இதை விளக்கும்போது, மூலப்பொருள் விலையையும் கணக்கில் சேர்த்தால் புதிர் குறைவதைக் காட்டினார். 2022-இல் அதன் மறுபக்கம் தெரிந்தது. மே மாதம் கண்டி ஒரு லட்சம் ரூபாயைத் தொட்ட பஞ்சு, வட்டி ஏறிக்கொண்டிருந்தபோதே ஆண்டு முடிவதற்குள் பெருமளவு சரிந்தது. கிலோவுக்குப் பல பத்து ரூபாய் இறங்கிய இடத்தில், இரண்டு ரூபாய் வட்டிச் சுமையை நூல் விலையில் கண்ணால் பார்த்துத் தேட முடியாது.

அப்படியானால் எப்படிப் பிரித்தறிவது? பஞ்சு விலையையும் கூலியையும் கழித்துவிட்டு, மிஞ்சும் விலையைப் பாருங்கள். தேவை குறைந்ததுதான் காரணம் என்றால் உற்பத்தியும் அந்த மிச்சமும் சேர்ந்தே இறங்கும். உற்பத்தி இறங்கும்போது மிச்சம் ஏறினால் செலவு வழி வேலை செய்கிறது என்று கொள்ளலாம். நீண்ட நாள் இருப்பு வைக்கும் தொழிலையும் கைக்குக் கை விற்கும் தொழிலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இந்த ஏற்றம் முதலாவதில்தான் கூடுதலாகத் தெரிய வேண்டும். இரண்டிலும் ஒரே அளவு தெரிந்தால் காரணம் வேறெங்கோ இருக்கிறது.