மட்டக்களப்புக்குப் போகிறவர்களுக்கு வியர்வை நாற்றம் பற்றி

காணி உறுதி அலுவலாக வெளிநாட்டிலிருந்து மட்டக்களப்புக்குப் போகிறவர்கள், உடுத்திப் போகும் சேட் எந்தத் துணியால் ஆனது என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். சித்திரை வெயிலில், மின்விசிறி நின்றுபோன ஓர் அலுவலகத்தில், கையெழுத்திட வேண்டியவர் வெளியே போயிருக்கிறார் என்ற ஒரே பதிலைக் கேட்டபடி, காலையிலிருந்து பின்னேரம்வரை பொலியெஸ்டர் சேட்டோடு வாங்கில் இருந்தேன். முதுகு நனைந்து ஒட்டியும் அங்கே வாடையில்லை. அக்குளிலிருந்து வந்த நெடிக்குத்தான் பக்கத்தில் இருந்தவர் எழுந்து சுவரோரம் போய் நின்றார். வீட்டுக்குத் திரும்பியதும் பெரியம்மா, "மனே, முதல்ல குளிச்சிட்டு வா" என்றார்.

உடலெங்கும் சுரக்கும் வியர்வை பெரும்பாலும் நீரும் உப்பும்தான். அதற்கு ஏறத்தாழ மணமே இல்லை. அக்குளில் பருவமடையும் வயதில் வேலை தொடங்கும் வேறு சுரப்பிகள் இருக்கின்றன. அவற்றிலிருந்து வரும் கொழுப்பும் புரதமும் கலந்த திரவமும் சுரந்தவுடன் மணப்பதில்லை. தோலில் வாழும் ஸ்டஃபைலோகொக்கஸ் ஹொமினிஸ் என்ற பாக்டீரியா, அதிலுள்ள மணமற்ற ஒரு கந்தகச் சேர்மத்தை உள்ளே எடுத்து உடைத்து, வெங்காய நெடியுள்ள பொருளாக வெளியே விடுகிறது. அது மிகச் சிறிதளவு இருந்தாலே மூக்குக்குத் தெரிந்துவிடும். கொரினிபாக்டீரியாக்கள் புளித்த வாடையுள்ள அமிலங்களைச் சேர்க்கின்றன.

பொலியெஸ்டர் நீரை உறிஞ்சாது, ஆனால் எண்ணெய்ப் பசையைப் பிடித்துக்கொள்ளும். அதனால் துவைத்த பின்னும் வாடை தங்கிவிடுகிறது. துவைத்துக் காய்ந்த சேட்டின் அக்குள் பக்கத்தை இஸ்திரிக்கை செய்யும்போது பழைய நெடி எழுந்தால், நீங்கள் எவ்வளவு குளித்தாலும் அந்தச் சேட் உங்களைக் காட்டிக்கொடுக்கும். பருத்திச் சேட் ஒன்றை மாற்றுக்குக் கொண்டு போங்கள்.

வெளிநாட்டு சென்ட் போத்தல் வேண்டும் என்று மச்சான் கேட்டிருந்தார். ஊரை விட்டுப் போன என்னிடம் அவர் கேட்டது அது ஒன்றுதான், ஆகையால் வாங்கிப் போனேன். ஆனால் வாசனைத் திரவியம் நெடியின் மேல் இன்னொரு மணத்தைப் பூசுகிறதே தவிர அதை நிறுத்துவதில்லை. வியர்வையைக் குறைப்பது, போத்தலில் அலுமினியம் குளோரோஹைட்ரேட் என்று எழுதியிருக்கும் பூச்சு. அதை இரவில், அக்குளை நன்றாகத் துடைத்து உலரவிட்ட பின் பூச வேண்டும். வியர்வை குறைந்திருக்கும் அந்நேரத்தில்தான் அந்த அலுமினிய உப்பு வியர்வைக் குழாய்களின் வாயில் படிந்து அடைக்கிறது, காலையில் குளித்தாலும் பலன் போய்விடாது. விமானம் ஏறுவதற்குச் சில நாட்களுக்கு முன்பே தொடங்குவது நல்லது.

தேசிக்காயைத் தேய்க்கும்படி உறவினர்கள் அன்போடு சொல்வார்கள். அதன் புளிப்பு பாக்டீரியாக்களைச் சற்றுத் தடுக்கலாம்; ஆனால் சாறு பட்ட தோலில் வெயில் விழுந்தால் கொப்புளமும் கருமையும் வரலாம், ஆகவே அதை ஏற்க வேண்டாம்.