12 லியாங் சொன்ன சேதி

காய்ந்த காளான் விலைப்பட்டியலின் மொழிபெயர்ப்பில் எடைகளைக் கிராமுக்கு மாற்றினால், அடியில் இருந்த கிலோ மொத்தத்தோடு ஒத்துவரவில்லை. கொடுத்திருந்த அட்டவணைப்படி சீன எடை அளவான ஜின் 500 கிராம், அதன் உட்பிரிவான லியாங் 50 கிராம். தசமப் புள்ளி, கூட்டல் எல்லாம் பார்த்தாயிற்று. நாள்கள் போனதுதான் மிச்சம்.

அப்புறம் ஒரு வரி கண்ணில் பட்டது: 3 ஜின் 12 லியாங். சீனப் பெருநிலத்தில் 1959 முதல் 10 லியாங் ஒரு ஜின். அங்கே 12 லியாங் என்று யார் எழுதப்போகிறார்கள்? 16 லியாங் கணக்கு தைவானிலும் ஹாங்காங்கிலும் உண்டு. விலை தைவான் டாலரில் இருந்தது, ஆகவே ஜின் 600 கிராம். அந்த வரி 3.75 ஜின், அதாவது 2,250 கிராம். அட்டவணைப்படி 2,100தான் வந்திருந்தது. மொத்தம் சரியாகிவிட்டது. ஹாங்காங் ஜின் என்றால் ஏறக்குறைய 604.8 கிராம்.

கூடவே வந்த பெருநில விளைச்சல் தாளுக்குப் பழைய 500தான். சீன நில அளவில் 15 மு ஒரு ஹெக்டேர். மு ஒன்றுக்கு 400 ஜின் என்றால் ஹெக்டேருக்கு 3,000 கிலோ.