ஒரே ஊசிக்கு இரண்டு இடைவெளிகள்

முப்பரிமாண அச்சுப்பொறியில் பி.எல்.ஏ. என்ற நெகிழி இழையை உருக்கி அச்சிட்ட சிறு பெட்டியின் கீலில், 6 மி.மீ. ஊசி இரு ஓரக் கண்களில் இறுகி நிற்கவும், நடுக்கண்ணில் தடையின்றிச் சுழலவும் வேண்டியிருந்தது. எல்லாத் துளைகளையும் 6 மி.மீ. என்றே வரைந்ததால் ஊசி எதிலும் நுழையவில்லை. உருகிய இழை வளைவின் உட்புறமாக இழுபடுவதால், துளை வரைந்ததைவிடச் சற்றுச் சிறுத்தே அச்சாகிறது.

ஆகவே 6.0 முதல் 6.5 மி.மீ. வரை, 0.1 மி.மீ. படியில் ஆறு துளைகள் கொண்ட ஒரு பட்டையை, கீலுக்குரிய அதே இழை, அதே அடுக்கு உயரம், அதே கிடப்பில் அச்சிட்டேன். கிடப்பு மாறினால் சோதனையே வீண். படுத்த நிலையில் அச்சாகும் துளையின் மேல்வளைவு தொங்கிவிடும் என்பதால், நின்ற துளையின் அளவு அதற்குப் பொருந்தாது.

முதலில் 6.2 துளையில்கூட ஊசி வாயிலேயே சிக்கியது. தட்டில் அழுந்திய முதல் அடுக்கு உள்நோக்கிப் பிதுங்கி, மெல்லிய உதடுபோல் நின்றதே காரணம். அதைக் கத்தியால் சீவியபின், 6.1 துளையில் கட்டைவிரலால் அழுத்தி ஊசியை ஏற்ற முடிந்தது, 6.3 துளையில் அது தன் எடையாலேயே இறங்கியது. 6.2 சுழன்றாலும் உரசியது.

கீலில் ஓரக் கண்களுக்கு 6.1, நடுக்கண்ணுக்கு 6.3 என வரைந்து, ஒவ்வொரு துளைவாயிலும் 0.5 மி.மீ. சரிவு கொடுத்தேன். இந்த அளவுகள் என் அச்சுப்பொறிக்கும் இந்த இழைக்கும் மட்டுமே உரியவை. இழையை மாற்றும்போது பட்டையை மறுபடி அச்சிடுகிறேன்.