கல்யாணத்துக்குப் பின் இனிஷியல் மாற்றம்: பிரமாணப் பத்திரம் எழுதுவது எப்படி?

தமிழ்நாட்டில் கல்யாணத்துக்குப் பிறகு பெயர் மாற்றம் என்றால் பெரும்பாலும் இனிஷியல் மாற்றம்தான். கந்தசாமி மகள் க. மீனாட்சி, செல்வத்தை மணந்து செ. மீனாட்சி ஆகிறார் என்று வைத்துக்கொண்டு எழுதிப் பார்ப்போம்.

முதலில் ஆதார், பத்தாம் வகுப்புச் சான்றிதழ், திருமணப் பதிவுச் சான்று மூன்றையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய பெயர் ஒவ்வொன்றிலும் எப்படி இருக்கிறது என்று எழுத்தெழுத்தாகப் பாருங்கள். ஒன்றில் ‘க. மீனாட்சி’, இன்னொன்றில் ‘மீனாட்சி க’ என்றிருந்தால் இரண்டையும் பத்திரத்தில் சொல்ல வேண்டும்.

அடுத்து தொடக்கம். நீதிமன்ற நடை கொஞ்சம் பழசாகத் தெரியும், ஆனாலும் அதை மாற்றாதீர்கள்:

> மதுரை மாவட்டம், மேலூர் வட்டம், ……… தெரு, கதவு எண் … இல் வசிக்கும், திரு. கந்தசாமி அவர்களின் மகளும் திரு. செல்வம் அவர்களின் மனைவியுமான, 27 வயதுடைய க. மீனாட்சி ஆகிய நான், சத்தியப் பிரமாணமாக உறுதி கூறி எழுதிக் கொடுக்கும் பிரமாணப் பத்திரம் யாதெனில்:

பலர் சறுக்குவது இங்கேதான். ஆசையாகப் புதிய பெயரையே தொடக்கத்தில் போட்டுவிடுகிறார்கள். உறுதி கூறுபவர் ஆவணங்களில் இருக்கிற ஆள்; ஆகவே அங்கே பழைய பெயர்தான் வர வேண்டும். முகவரியும் ஆதாரில் உள்ளபடியே இருக்கட்டும். தகப்பனார், கணவர் இரண்டு பேர் பெயரும் வேண்டும், ஏனென்றால் ‘க’ போய் ‘செ’ வந்த காரணமே அதில்தான் இருக்கிறது.

அப்புறம் எண் போட்ட பத்திகள். ஒரு பத்தியில் ஒரு செய்தி மட்டும்:

> 1. எனக்கும் திரு. செல்வம் அவர்களுக்கும் ……… அன்று திருமணம் நடைபெற்று, ……… சார்பதிவாளர் அலுவலகத்தில் … எண்ணாகப் பதிவு செய்யப்பட்டுள்ளது.
>
> 2. திருமணத்திற்கு முன் என் பெயர் க. மீனாட்சி. என் பள்ளிச் சான்றிதழில் ‘மீனாட்சி க’ என்று உள்ளது.
>
> 3. இனி என் பெயர் செ. மீனாட்சி என்றே அழைக்கப்படும். மேற்கண்ட பெயர்கள் அனைத்தும் என் ஒருவரையே குறிக்கும்.

மூன்றாம் பத்தியின் கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். பழைய சான்றிதழையும் புதிய பெயரையும் சேர்த்துக் காட்டும்போது கைகொடுப்பது அதுதான்.

முடிவு:

> மேலே கூறியவை யாவும் என் அறிவுக்கும் நம்பிக்கைக்கும் எட்டிய வரை உண்மை என உறுதி கூறுகிறேன்.

அதன் கீழே இடம், தேதி, ‘உறுதி கூறுபவர்’. அதற்கும் கீழே ‘என் முன்னிலையில்’ என்று எழுதி, நோட்டரி முத்திரையிட இடம் விடுங்கள்.

எழுதியதும் முத்திரைத்தாளில் தட்டச்சு செய்துகொள்ளலாம். தாளின் மதிப்பை முத்திரைத்தாள் விற்பவரிடமோ நோட்டரியிடமோ கேட்டுவிட்டு வாங்குங்கள். வீட்டிலேயே கையெழுத்துப் போட்டு எடுத்துப் போகாதீர்கள். நோட்டரி கண்ணெதிரே, ஒவ்வொரு பக்கத்திலும் போட வேண்டும். பழைய கையெழுத்து, அதன் கீழே புதியது என இரண்டும் இருந்தால் வங்கியில் கேள்வி குறையும்.

அரசிதழில் வெளியிடச் சொன்னால் அதற்கு எழுதுபொருள் மற்றும் அச்சுத் துறையில் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். இந்தப் பத்திரம் மட்டும் போதாது.