மார்பிள் தரையா? பாட்டிலின் பின்பக்கத்தைப் பாருங்கள்

கிளீனர் பாட்டிலைப் படம் எடுத்து அனுப்பி "இதை மார்பிளில் போடலாமா?" என்று கேட்பவரிடம் பின்பக்க லேபிளையும் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஒரே பிராண்டில் டாய்லெட்டுக்கும் தரைக்கும் தனித்தனி பாட்டில்கள் வருவதால் முன்பக்கப் படத்தை நம்ப முடியாது. பின்பக்கத்தில் ஹைட்ரோகுளோரிக் அல்லது சிட்ரிக் ஆசிட் என்றிருந்தால் மார்பிள், மொசைக், கடப்பா கல் மூன்றிலுமே வேண்டாம். இவற்றில் உள்ள கால்சியம் கார்பனேட்டை ஆசிட் அரித்துவிடும். பட்ட இடம் நுரைத்து, பளபளப்புப் போய் வெளுத்துவிடும். அது துடைத்தால் போகாது, பாலிஷ்தான் போட வேண்டும். ஆசிட் இல்லாமல் பென்சால்கோனியம் குளோரைடு என்ற கிருமிநாசினி மட்டும் இருந்தால், லேபிளில் சொன்ன அளவு தண்ணீரில் கலந்து துடைக்கலாம்.

தண்ணீர் பாட்டிலில் ஊற்றி விற்கும் லூஸ் ஆசிட், பினாயிலுக்கு இந்த வழி உதவாது. லேபிளே இல்லாததை மார்பிளில் ஊற்றாதீர்கள்.